அந்தரத்தில் தொங்கும் மேம்பாலம்

(இப்பாடத்தில் சான்றாக வரும் செய்தியும் தலைப்புகளும் பாடத்திற்காக அமைக்கப்பட்டவை.)

நாளிதழ் அலுவலகத்தில் செய்தியைத் திரட்டி எழுதுபவர் நிருபர். அதைப் படித்துத் திருத்தி, சுருக்கி, தலைப்பிட்டு, பக்கத்தில் உரிய இடத்தில் அமர்த்துபவர் துணையாசிரியர். நிருபரின் பெயர் சில வேளைகளில் செய்தியின் மேல் அச்சாகும். துணையாசிரியரின் பெயர் அச்சாவதில்லை. ஆயினும் வாசகர் கண்ணில் முதலில் படுவது துணையாசிரியர் எழுதிய அந்த நான்கைந்து சொற்களே.

இன்று அந்த நான்கைந்து சொற்களைக் கணினியும் எழுதுகிறது. செய்தியை உள்ளே கொடுத்தால் நொடிப்பொழுதில் தலைப்பு வெளியே வருகிறது. அத்தலைப்பில் எழுத்துப்பிழை அரிது. எழுவாயும் பயனிலையும் இயைந்திருக்கும். ஒற்று மிகும் இடத்தில் பெரும்பாலும் மிகுந்திருக்கும். இருந்தும் நாளிதழ் படித்துப் பழகியவர், "உப்பில்லாத சோறு போல இருக்கிறதே" என்பார். இலக்கணம் சரியாக இருந்தும் சுவை ஏன் குறைகிறது என்பதை ஒரே ஒரு செய்தியைக் கொண்டு ஆராயலாம்.

செய்தி இது. ஓர் ஊரின் நடுவே ரயில் பாதை செல்கிறது. அங்குள்ள ரயில்வே கேட் நாள்தோறும் முப்பது முறை மூடப்படுகிறது. மேம்பாலம் கட்ட ஆறு ஆண்டுகளுக்கு முன் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்டவாளத்திற்கு நேர்மேலே வரும் பகுதியை ரயில்வே துறை கட்டி முடித்துவிட்டது. அதன் இருபுறமும் ஏறி இறங்க வேண்டிய அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை அமைக்க வேண்டும். அதற்கான நிலத்தைக் கையகப்படுத்துவதில் இழுபறி நீடிக்கிறது. ஆகவே பாலத்தின் நடுப்பகுதி மட்டும் தூண்களின் மேல் தனியே நிற்கிறது. பள்ளி மாணவர்கள் காலையும் மாலையும் கேட்டின் முன் காத்துக் கிடக்கிறார்கள்.

இந்தச் செய்திக்குக் கணினி இடக்கூடிய தலைப்பு:

ரயில்வே மேம்பாலப் பணிகள் முடிக்கப்படாததால் பொதுமக்கள் கடும் சிரமத்திற்கு உள்ளாகியுள்ளனர்

துணையாசிரியர் இடும் தலைப்பு:

ஆறு ஆண்டாக அந்தரத்தில் தொங்கும் மேம்பாலம்

அதன் கீழே, சிறிய எழுத்தில்:

கேட்டில் தவம் கிடக்கும் மாணவர்கள்

முதல் தலைப்பில் குற்றம் ஏதும் இல்லை. அதில் உள்ளவை அனைத்தும் உண்மை. ஆனால் 'மேம்பால' என்னும் சொல்லை நீக்கி 'குடிநீர்க் குழாய்' என்றோ 'பேருந்து நிலைய' என்றோ மாற்றினால், அதே தலைப்பு வேறு பத்துச் செய்திகளுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டாம் தலைப்பை அவ்வாறு இடம் மாற்ற முடியாது. குடிநீர்க் குழாய் அந்தரத்தில் தொங்காது. அத்தலைப்பு இந்தச் செய்திக்கு மட்டுமே உரியது.

'அந்தரத்தில் தொங்குதல்' என்பது வீடுகளிலும் வழங்கும் மரபுத்தொடர். ஒரு காரியம் முடியவும் இல்லாமல் கைவிடப்படவும் இல்லாமல் நடுவில் நிற்கும்போது, "அது அந்தரத்தில் தொங்குகிறது" என்பார்கள். இங்கே அத்தொடர் இரு வகையில் உண்மையாகிறது. திட்டமும் நடுவில் நிற்கிறது. பாலமும் ஏறவோ இறங்கவோ வழியின்றி வானத்திற்கும் தரைக்கும் இடையே நிற்கிறது. சொல்லின் நேர்ப்பொருளும் வழக்குப்பொருளும் ஒரே இடத்தில் கூடும்போது வாசகரின் மனத்தில் ஒரு படம் எழுகிறது. நல்ல தலைப்பின் கூர்மை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் பிறக்கிறது.

துணையாசிரியர் அத்தொடரை எட்டிய வழியையும் அறிதல் வேண்டும். அவர் செய்தியை இறுதிவரை படிக்கிறார். செய்தியின் முதற்பத்தியில் மாணவர் படும் பாடு இருக்கும்; நிலம் எடுப்பதில் உள்ள இழுபறி நான்காம் பத்தியிலோ ஐந்தாம் பத்தியிலோ ஒளிந்திருக்கும். செய்தியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அடுத்து அவர் நினைவிற்கு மூன்று மரபுத்தொடர்கள் வருகின்றன. முதலாவது 'கிடப்பில் போடப்பட்ட மேம்பாலம்'. கிடப்பில் போடுதல் என்றால், செய்ய வேண்டியவர் அக்கறையின்றி ஒதுக்கி வைத்துவிட்டார் என்று பொருள். இங்கே கோப்புகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே அது குற்றச்சாட்டாகிவிடும். இரண்டாவது 'ஆமை வேகத்தில் மேம்பாலப் பணி'. ஆமை மெல்ல நடந்தாலும் நடக்கிறது. இங்கே கட்டுமானம் நின்றேவிட்டது. மூன்றாவதுதான் 'அந்தரம்'. மூன்றும் தாமதத்தைக் குறிக்கும் தொடர்களே. எனினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் தாமதத்தைக் குறிக்கிறது. துணையாசிரியரின் தேர்ச்சி மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்வதில் இல்லை. அவற்றிடையே உள்ள இந்த மயிரிழை வேறுபாட்டை அறிவதில் இருக்கிறது.

பின்னர் அவர் தலைப்பைச் செதுக்குகிறார். 'ரயில்வே' என்ற சொல் வேண்டியதில்லை. கீழ்த்தலைப்பில் உள்ள 'கேட்' அதைச் சொல்லிவிடும். 'பணிகள்' வேண்டியதில்லை. 'பொதுமக்கள்' என்னும் முகமற்ற சொல்லுக்கு மாற்றாக 'மாணவர்கள்' வருகிறார்கள். 'கடும் சிரமம்' என்பதற்கு மாற்றாக அவர்கள் செய்யும் செயலே வருகிறது: தவம் கிடக்கிறார்கள். எட்டுச் சொல் ஐந்து சொல்லாயிற்று.

இவ்வாறு குறைப்பதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். நாளிதழின் அகலப் பக்கம் பொதுவாக எட்டுப் பத்திகளாகப் பிரிக்கப்படும். ஒரு பத்தி அகலத்தில் பெரிய எழுத்தில் தலைப்பிட்டால், ஒரு வரியில் பத்து எழுத்துகள் அடங்குவதே கடினம். 'உயர்த்தப்பட்டுள்ளது' என்ற ஒரு சொல்லில் பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். 'உயர்வு' என்பதில் நான்கே எழுத்துகள். அதனால் தமிழ் நாளிதழ்த் தலைப்பு வினைமுற்றைக் கைவிட்டு, பெயர்ச்சொல்லில் முடியப் பழகிக்கொண்டது: கட்டணம் உயர்வு, போலீசார் விசாரணை, மூவர் கைது. திருநெல்வேலி நெல்லையாகவும், கோயம்புத்தூர் கோவையாகவும் தலைப்பில் சுருங்குவது இதனால்தான். இலக்கணம் மரூஉ என்று குறிப்பிடும் இப்பெயர்கள் துணையாசிரியருக்குப் பெரிய உதவி.

சில இடங்களில் தலைப்பு இன்னும் ஒருபடி மேலே செல்லும். 'தக்காளி விலை கிடுகிடு' என்ற தலைப்பில் வினையும் இல்லை, வினையிலிருந்து பிறந்த பெயரும் இல்லை. இரட்டைக்கிளவி மட்டுமே நிற்கிறது. 'கிடுகிடு' என்பதைப் பிரித்து 'கிடு' என்றால் பொருள் தராது என்பதை மாணவர் முன்னரே கற்றிருப்பர். பிரித்தால் பொருள் தராத அச்சொல், சேர்ந்து நிற்கும்போது விலை ஏறியதையும், ஏறிய வேகத்தையும், அதைக் கேட்டவர் திடுக்கிட்டதையும் நான்கு எழுத்துகளில் சொல்லிவிடுகிறது. 'தக்காளியின் விலை கணிசமாக அதிகரித்துள்ளது' என்பதில் செய்தி இருக்கிறது, திடுக்கிடல் இல்லை.

இந்தப் பேச்சுநடை நாளிதழுக்குள் தானாக வந்துவிடவில்லை. பழைய தமிழ் இதழ்களின் நடை, கற்றவர் மட்டும் எளிதில் படிக்கும் நடையாக இருந்தது. 1942 ஆம் ஆண்டில் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவருக்கும் விளங்கும்படி செய்தி எழுதப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். சிறிய வாக்கியமும் பேச்சுவழக்குச் சொல்லும் நாளிதழுக்குள் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஆகவே தலைப்பு, கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் எழுதப்பட்டது. மேலே கண்ட இரு தலைப்புகளையும் வகுப்பில் உரக்கப் படித்தால், எதைப் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது என்பது தெரியும்.

இனி, கணினி ஏன் அந்த முதல் தலைப்பை எழுதுகிறது என்று பார்க்கலாம். கணினிக்கு முன்பே எழுதப்பட்ட ஏராளமான எழுத்துகள் பயிற்சியாகத் தரப்படுகின்றன. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை அது அவற்றிலிருந்து கணித்துக்கொள்கிறது. தலைப்பு எழுதும்போதும் ஒவ்வோர் அடியிலும் அந்த வாய்ப்பையே பார்க்கிறது. ஒரு கணக்கு இதை விளக்கும். 'தக்காளி விலை' என்று தொடங்கும் நூறு தலைப்புகளைக் கணினி படித்திருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 60 தலைப்புகள் 'உயர்வு' என்றும், 20 'ஏற்றம்' என்றும், 12 'கிடுகிடு' என்றும் முடிகின்றன. மீதி எட்டும் எட்டு விதமானவை. மிகச் சிறந்தது அந்த எட்டில் ஒன்றாக இருக்கலாம். வாய்ப்பு மிகுந்ததையே எடு என்று கட்டளையிடப்பட்ட கணினி புதிதாக நூறு தலைப்புகள் எழுதினால், நூறும் 'உயர்வு' என்றே முடியும். அறுபது நூறாகிவிட்டது, எட்டு மறைந்துவிட்டது. மனிதர் எழுதியவற்றில் இருந்த மேடு பள்ளம் அனைத்தும் சமதளமாகிவிடுகின்றன.

மரபுத்தொடருக்கு இது பெரும் இழப்பு. மரபுத்தொடர் அடிக்கடி வராமல் இருப்பதால்தான் அதற்குச் சுவை. வாய்ப்பைக் கணக்கிடும் கருவிக்கோ அரிதாக வருவது பின்வரிசையில் நிற்கும் சொல்.

கணினி படித்த தமிழில் மற்றொரு தொல்லையும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் தமிழில் ஒரு பகுதி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. மற்றொரு பகுதி அரசு அறிக்கைகளின் நடையில் அமைந்தது. இரண்டிலும் செயப்பாட்டுவினை மலிந்திருக்கும். 'முடிக்கப்படாததால்', 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது', 'அறிவிக்கப்பட்டுள்ளது' ஆகியவை அங்கிருந்து வந்தவை. செயப்பாட்டுவினை தமிழுக்கு அந்நியமானது அன்று. ஆனால் அது செய்தவரை மறைத்துவிடுகிறது. 'பணிகள் முடிக்கப்படாததால்' என்று எழுதிவிட்டால், முடிக்காதவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. மழுங்கிய தலைப்பு சுவையற்றதாக இருப்பதோடு நிற்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

கணினி எழுதிய தலைப்பை மதிப்பிடும் முறையும் இதற்குத் துணைபோகிறது. ஆய்வாளர் பலர் கையாளும் ஒரு முறை எளிமையானது: மனிதர் எழுதிய தலைப்பை ஒருபுறம் வைத்து, கணினியின் தலைப்பில் உள்ள சொற்களில் எத்தனை அதனோடு ஒத்துப்போகின்றன என்று எண்ணுவார்கள். நம் செய்திக்குக் கணினி 'ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை' என்று ஒரு நல்ல தலைப்பை எழுதிவிட்டதாகக் கொள்வோம். துணையாசிரியரின் தலைப்பில் உள்ள ஒரு சொல்லும் அதில் இல்லை, மதிப்பெண் சுழியம். 'மேம்பாலம் கட்டுவதில் தாமதம்' என்று எழுதியிருந்தால் 'மேம்பாலம்' என்ற சொல் ஒத்துப்போவதால் சிறிதாவது மதிப்பெண் கிடைக்கும். 'மேம்பாலத்தில்', 'மேம்பாலத்துக்கு' என உருபேற்ற வடிவங்களை எண்ணுங்கருவி வேறு சொற்களாகவே கருதக்கூடும் என்பது தமிழுக்கே உரிய கூடுதல் சிக்கல். புதிதாகச் சொல்ல முயல்வதைவிடப் பொதுவாகச் சொல்வதே ஆதாயம் என்ற பாடத்தை இம்முறை கற்பிக்கிறது.

கணினியின் தேர்வைச் சற்றுத் தளர்த்திவிட முடியாதா? முடியும். வாய்ப்பு மிகுந்த சொல்லையே எடுக்காமல், அரிய சொற்களையும் அவ்வப்போது எடுக்குமாறு அதை அமைக்கலாம். அப்போது மரபுத்தொடர்கள் வரத் தொடங்கும். ஆனால் அரிதாக இருப்பதும் பொருத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. 'மண்ணைக் கவ்விய மேம்பாலத் திட்டம்' என்று ஒரு தலைப்பு வரலாம். மண்ணைக் கவ்வுதல் தோல்வியைக் குறிக்கும். விளையாட்டிலோ தேர்தலிலோ தோற்றவரைக் குறிக்க அது ஏற்ற தொடர். பாலத்தின் மேல் அதை ஏற்றினால், பாலம் இடிந்து விழுந்துவிட்டது என்று வாசகர் பதறுவார். 'கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை' என்றும் வரலாம். ஒன்றைச் செய்யப்போய் எதிர்பாராத வேறொரு தொல்லை எழும்போது சொல்ல வேண்டிய பழமொழி அது. இச்செய்தியில் அப்படி எந்தப் பூதமும் கிளம்பவில்லை. பொருந்தாத மரபுத்தொடரைவிட உப்பில்லாத தலைப்பே மேல். அது குறைந்தது பொய் சொல்வதில்லை.

மரபுத்தொடரைத் தவிர்க்க வேண்டிய செய்திகளும் உண்டு. நீண்ட கோடைக்குப் பின் வரும் மழையை 'வெளுத்து வாங்கிய மழை' என்று மகிழ்ந்து எழுதலாம். அதே மழையில் வீடு இடிந்து ஒருவர் இறந்திருந்தால் அச்சொல் அங்கே நிற்கலாகாது. அத்தகைய இடத்தில் 'சுவர் இடிந்து மூதாட்டி பலி' என்ற வெறுமையான தலைப்பே தகுதியானது. அன்றைய தங்கம் விலை, ரயில் நேர மாற்றம், தேர்வு அட்டவணை போன்றவற்றிற்கும் கணினியின் சமதள நடை போதும். அங்கே கூர்மையைத் தேடுபவர் எவரும் இல்லை. மனிதரும் எப்போதும் கூர்மையாக எழுதிவிடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'பரபரப்பு', 'பொதுமக்கள் அவதி' ஆகிய தேய்ந்த சொற்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், நள்ளிரவில் பக்கத்தை முடிக்க விரைந்த துணையாசிரியர்களே.

சுருக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 'யானை விரட்டிய விவசாயி' என்ற தலைப்பைப் பார்க்கலாம். யானை விவசாயியை விரட்டியதா, விவசாயி யானையை விரட்டினாரா? 'யானையை' என்பதில் உள்ள 'ஐ' உருபு மறைந்து இரண்டாம் வேற்றுமைத்தொகையாக நின்றால் விரட்டியவர் விவசாயி. 'யானை' எழுவாயாக நின்றால் ஓடியவர் அவர். கணினி பெரும்பாலும் உருபை விடாது. 'யானையை விரட்டிய விவசாயி' என்று முழுமையாக எழுதிவிடும். இந்த இடத்தில் அதன் எச்சரிக்கை சரியானது. 'பால் குடித்த குழந்தை' என்பதில் உருபு மறைந்தாலும் ஐயம் இல்லை; பால் குழந்தையைக் குடிக்காது. எங்கே உருபை விடலாம், எங்கே விடக்கூடாது என்பதைச் சொல்லின் வடிவம் காட்டிக்கொடுக்காது. உலகத்தில் எது எதைச் செய்யும் என்ற அறிவுதான் காட்டும். யானையும் விவசாயியும் ஒருவரை ஒருவர் விரட்டக்கூடியவர்கள் என்பதனால்தான் அங்கே சிக்கல்.

ஆதலால் தலைப்பு கைக்கு வந்ததும் அனுபவமுள்ள துணையாசிரியர் அதை இரு முறை சோதிக்கிறார். முதலில், தலைப்பை வேறொரு செய்தியின் மேல் வைத்துப் பார்க்கிறார். அங்கும் பொருந்தினால் அது இந்தச் செய்தியின் தலைப்பு அன்று. பிறகு, செய்தியில் தொடர்புடைய ஒருவராகத் தன்னை எண்ணிக்கொண்டு அதைப் படிக்கிறார். நிலத்தைக் கொடுக்க மறுக்கும் உழவர் 'அந்தரத்தில் தொங்கும் மேம்பாலம்' என்பதைப் படித்தால் முகம் சுளிக்க மாட்டார். பாலம் தொங்குவது அவருக்கும் தெரிந்ததே. 'மேம்பாலத்துக்கு முட்டுக்கட்டை' என்று எழுதியிருந்தால், முட்டுக்கட்டை தாம்தான் என்று தலைப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவர் கருதுவார். தமக்குரிய இழப்பீடு இன்னும் வரவில்லை என்பது அவர் பக்க நியாயமாக இருக்கக்கூடும்.

பயிற்சி

கீழுள்ள செய்தியைப் படித்து இரண்டு தலைப்புகள் எழுதுக. ஒன்று, கணினி எழுதுவது போன்ற முழு வாக்கியமாக அமையட்டும். மற்றொன்று ஐந்து சொற்களுக்கு மிகாமல், வீட்டில் பெரியோர் வழங்கும் மரபுத்தொடர் ஒன்றைக் கொண்டதாக அமையட்டும். தேர்ந்த தொடரின் நேர்ப்பொருளையும் வழக்குப்பொருளையும் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் கேட்டு எழுதுக. அத்தொடர் இச்செய்திக்குப் பொருந்துமா என்பதற்கு ஒரு காரணமும் தருக.

செய்தி: ஓர் ஊரின் பேருந்து நிலையத்தில் குடிநீர்த் தொட்டி ஒன்று கோடைக்கு முன் திறந்து வைக்கப்பட்டது. திறப்பு விழா நாளில் மட்டும் அதில் நீர் வந்தது. குழாய் இணைப்பு வழங்க வேண்டிய அலுவலகத்திற்குப் பயணிகள் நான்கு முறை மனு கொடுத்தனர். ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்ற விடையே கிடைத்தது. அருகிலுள்ள பழக்கடைக்காரர், தம் செலவில் இரண்டு மண்பானைகளில் நாள்தோறும் நீர் நிரப்பி வைக்கிறார்.